பத்து வருடம் ஓட்ட ஒரு கார்: பெட்ரோலா, கரண்டா? கணக்கு தெரிந்தவர்கள் உதவுங்கள்

பொள்ளாச்சிக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். என்னுடைய 2012 மாடல் டீசல் கார் கடைசி மூச்சில் இருக்கிறது. மாற்றியே ஆக வேண்டும். எனக்கு வயது 47. இப்போது வாங்குவதை 57 வரை ஓட்ட வேண்டும் என்பது வீட்டில் போட்ட கட்டளை.

வீடு பொள்ளாச்சி, சொந்த வீடு, போர்டிகோ உண்டு. வேலை கோவையில், வாரத்தில் மூன்று நாள் போய்வர வேண்டும். ஒரு நாளைக்குச் சுமார் 85 கிலோமீட்டர். வருடத்துக்கு 15,000 ஓடும் என்று வைத்திருக்கிறேன். சென்னைக்கு வருடத்தில் மூன்று தடவை, வால்பாறைக்கு அவ்வப்போது.

பார்த்து வைத்தது இரண்டு. நாலு மீட்டருக்குள் அடங்கும் ஒரு பெட்ரோல் எஸ்யூவி, ரோட்டுக்கு வரும்போது 11.25 லட்சம். அதே அளவில் ஒரு மின்கார், 15 லட்சம். வித்தியாசம் 3.75 லட்சம். பத்து வருடத்தில் பெட்ரோல் 200 ரூபாய் ஆகிவிடும் என்கிறார் ஷோரூம் பையன். ஆகுமா? அதை நம்பித்தான் இ.வி. வாங்க வேண்டும் என்றால் எனக்குத் தயக்கம். நம்பாமல் பெட்ரோல் வாங்கி, 2032-ல் பங்க்கில் வயிறு எரியவும் இஷ்டமில்லை.

டீசல்தாசன்

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? மறுபடி டீசல் எடுங்கள். என் வண்டி 2.3 லட்சம் கிலோமீட்டர் ஓடியது, இன்ஜினைத் தொடவே இல்லை. லிட்டருக்கு 21 கொடுக்கும். டீசல் விலையும் குறைவு. இ.வி. எல்லாம் ஏழு வருடத்தில் பேட்டரி போய்விடும், மாற்ற ஏழெட்டு லட்சம். பெட்ரோல் வாங்கினால் எத்தனால் கலந்த இ20 ஊற்றி இன்ஜினையே அரித்துவிடுவார்கள். 2030-க்கு அப்புறம் பெட்ரோல் காருக்குத் தடை என்றும் பேச்சு இருக்கிறது.

வரவுசெலவு

டீசல்தாசன் அண்ணா, நீங்கள் சொன்னதில் பாதி சரி. அதனால்தான் பதில் எழுத வேண்டியிருக்கிறது.

டீசல் லாபமாக இருந்த காலம் ஒன்று உண்டு. 2012 மே மாதம் சென்னையில் பெட்ரோல் 77 ரூபாய், டீசல் 44 பக்கம். லிட்டருக்கு 30 ரூபாய்க்கு மேல் வித்தியாசம். பொள்ளாச்சிக்காரர் அந்த வருடம் டீசல் எடுத்தது புத்திசாலித்தனம். 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள், அதோடு அந்தக் கதை முடிந்தது. 2025 கடைசியில் சென்னையில் பெட்ரோல் 101, டீசல் 92.40. எட்டு ஒன்பது ரூபாய் வித்தியாசத்துக்கு டீசல் காரின் கூடுதல் விலையைக் கொடுத்து, புகைவடிகட்டி அடைப்பையும் சமாளிக்க வேண்டும். தினமும் 200 கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் போகிறவருக்கு இன்னும் பொருந்தும். இவருக்கு இல்லை.

தடை விஷயம்: இந்தியாவில் 2030-க்குப் பிறகு பெட்ரோல் கார் விற்கக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. 2030-ல் விற்கும் தனியார் கார்களில் 30 சதவீதம் மின்சாரத்தில் ஓட வேண்டும் என்பது ஓர் இலக்கு, அவ்வளவுதான். 2025-ல் புதிதாக விற்ற கார்களில் இருபதில் ஒன்றுதான் மின்கார். இன்று இறங்கும் பெட்ரோல் கார்கள் 15 வருடம் சாலையில் இருக்கும். 2035-ல் பங்க்கைத் தேடி அலைய வேண்டிய நிலை வராது.

இப்போது 200 ரூபாய்க்கு வருகிறேன். 2014 ஜூனில் கச்சா எண்ணெய் பீப்பாய் 110 டாலர், டாலர் 60 ரூபாய். ஒரு லிட்டர் கச்சா எண்ணெய் நமக்கு 41 ரூபாய்க்கு வந்தது. சென்னையில் பெட்ரோல் அப்போது 75 ரூபாய் பக்கம். 2025 கடைசியில் பீப்பாய் 64 டாலர், டாலர் 89 ரூபாய். லிட்டருக்கு 36 ரூபாய்தான் ஆனது. ஆனால் பங்க்கில் 101. கச்சா எண்ணெய் ரூபாய்க் கணக்கிலேயே இறங்கியிருக்கிறது, பெட்ரோல் ஏறியிருக்கிறது. நடுவில் இருப்பது பெரும்பாலும் வரி. மத்திய வரி 21.90, தமிழ்நாட்டு வரி 13 சதவீதத்தோடு 11.52 ரூபாய். இரண்டும் சேர்ந்து அப்போது 44 ரூபாய் பக்கம்.

2020-ல் கொரோனா நேரத்தில் உலகமே எண்ணெயை வாங்க ஆளில்லாமல் தவித்தது. நமக்கு விலை குறைந்ததா? வரியைத்தான் ஏற்றினார்கள். 2022-ல் பீப்பாய் 100 டாலரைத் தாண்டியது. சென்னையில் ஏப்ரலில் 110.85 வரை போனது, மே மாதம் வரியைக் குறைத்து 102.63-க்கு இறக்கினார்கள். கச்சா எண்ணெய் குறையும்போது வரியால் தாங்கிப் பிடிக்கிறார்கள், ஏறும்போது அதே வரியை விட்டுக்கொடுத்து அமுக்குகிறார்கள். அதனால்தான் 11 வருடத்தில் 75-லிருந்து 101. வருடத்துக்கு 3 சதவீதம்கூட இல்லை. இதே வேகத்தில் போனால் 2035-ல் 130 வரும். 200 வர வேண்டுமானால் ஏதாவது பெரிதாக உடைய வேண்டும்.

யாழ்வாசன்

உடையாது எண்டு நினைக்கிறது ஒரு வசதி, தம்பி. நான் யாழ்ப்பாணத்தில் இருக்கிறேன். 2022 ஜூன் கடைசியில் எங்களுக்குப் பெட்ரோல் லிட்டர் 470 ரூபாய். அதுகூடப் பிரச்சினை இல்லை, காசு கையில் இருந்தும் எண்ணெய் இல்லை. இரண்டு நாள் வரிசையில் காரை விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்து வந்து படுத்திருக்கிறேன். பிறகு கியூஆர் கோட்டா வந்தது, காருக்குக் கிழமைக்கு 20 லிட்டர்.

அந்த நேரத்தில் எங்கள் ஒழுங்கையில் கூரையில் சோலார் போட்டு, பழைய சின்ன மின்கார் ஒன்றை வைத்திருந்த வாத்தியார் மட்டும்தான் நினைத்த இடத்துக்குப் போய்வந்தார். அவரிடம் சொல்லித்தான் அயலில் எல்லோரும் ஆஸ்பத்திரிக்குப் போனது. விலையை மட்டும் வைத்துக் கணக்குப் பார்க்கிறீர்கள். கிடைக்குமா எண்டதும் ஒரு கணக்கு.

வரவுசெலவு

ஒத்துக்கொள்கிறேன் அண்ணன். ஆனால் அது டாலர் கையிருப்பு தீர்ந்த நாட்டின் கதை. இந்தியாவுக்கு அதே அளவில் நடக்கும் என்று வைத்து 3.75 லட்சம் கூடுதலாகப் போடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இது கருத்து வேறுபாடு என்றே இருக்கட்டும்.

ஸ்கூட்டி மாலா

நானும் இதே குழப்பத்தில்தான் இருக்கிறேன். கல்லூரிக்குப் போகும் பையனுக்கு மின்சார ஸ்கூட்டர் வாங்கலாமா? கழற்றி மேலே கொண்டுபோய் சார்ஜ் போடும் பேட்டரி நல்லதா?

மீனா கோவை

மாலா அக்கா, இங்கே கார் பேச்சு ஓடுகிறது. மாடிக் குடியிருப்பு என்றால் கழற்றுகிற பேட்டரிதான் உங்களுக்கு வழி. தனி இழை தொடங்குங்கள், அங்கே வந்து எழுதுகிறேன்.

பொள்ளாச்சி அண்ணா, நான் மூன்று வருடமாக மின்கார் ஓட்டுகிறேன். 62,000 கிலோமீட்டர் ஆகிவிட்டது. ஏழு வருடத்தில் பேட்டரி போய்விடும் என்று டீசல்தாசன் சொன்னதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

என் காரின் ஓபிடி சாக்கெட்டில் ஒரு சின்ன ப்ளூடூத் கருவி செருகி, போனில் பார்த்தால் பேட்டரியின் ஆரோக்கியம் எத்தனை சதவீதம் என்று காட்டும். இப்போது 94. முதல் வருடத்தில் மூன்று குறைந்தது, அடுத்த இரண்டு வருடத்தில் மூன்று. முதலில் சட்டென்று இறங்கிப் பிறகு நிதானமாகிவிடும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வருடத்துக்கு நாலைந்து என்று நிற்காமல் இறங்கினாலோ, ஒரே ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட வோல்ட்டேஜில் விலகி நின்றாலோதான் சர்வீஸுக்குப் போக வேண்டும்.

இன்னொன்று. என் கார் மூன்று தடவை மக்கர் செய்தது. ஒரு தடவைகூடப் பெரிய பேட்டரியால் இல்லை. இரண்டு தடவை, எல்லாக் காரிலும் இருக்கும் அந்த 12 வோல்ட் சின்ன பேட்டரி. ஒரு தடவை சார்ஜ் போடும் மூடிக்குள் இருக்கும் பூட்டு சிக்கிக்கொண்டது. அந்தச் சின்னப் பாகம் வர 19 நாள் ஆயிற்று. பத்து வருடக் கார் என்றால் நான் பயப்படுவது இதற்குத்தான். எட்டாவது வருடத்தில் அந்தப் பூட்டு கிடைக்குமா?

வரவுசெலவு

மீனா மேடம் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 45 கிலோவாட்-மணி பேட்டரி, நிஜத்தில் 300 கிலோமீட்டர் ஓடும் என்று வையுங்கள். பத்து வருடத்தில் 1.5 லட்சம் கிலோமீட்டர் என்றால் காலியிலிருந்து முழுசு வரை 500 தடவைதான் ஏற்றி இறக்கியிருப்பீர்கள். இன்று பல கார்களில் வரும் எல்எஃப்பி வகை பேட்டரி 2,000 தடவைக்கு மேல் தாங்கும். அதாவது ஓட்டி ஓட்டி இவர் பேட்டரியைத் தேய்க்கவே முடியாது. தேய்ப்பது வயதும் வெயிலும். அதனால் ஓட்டாமல் வைத்திருந்தாலும் வயதாகும். குறைவாக ஓட்டுகிறவருக்கு இ.வி. ஏன் இன்னும் நட்டம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வாரண்டியையும் படித்துப் பாருங்கள். வழக்கமாக 8 வருடம் அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர். 2025-ல் சில மாடல்களுக்கு 15 வருடம் என்று அறிவித்தார்கள், ஆனால் அது முதல் உரிமையாளருக்கு மட்டும். நீங்கள் விற்றால் வாங்குகிறவருக்குப் பழைய 8 வருடக் கணக்கு. ஆறாவது வருடத்தில் விற்க நினைப்பவருக்கு அது விலையில் அடி. பத்து வருடம் நானே ஓட்டுவேன் என்பவருக்குத்தான் அந்த 15 வருடம் முழுப் பயன்.

ரிட்டயர்டு இ.பி.

நான் மின்வாரியத்தில் 31 வருடம் இருந்தவன். எல்லோரும் பெட்ரோல் விலையையே பேசுகிறீர்கள். கரண்டு விலை அப்படியே நிற்குமா என்று ஒருவரும் கேட்கவில்லையே.

2022 ஆகஸ்ட் வரை, இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்கு மேல் எல்லாமே யூனிட் 6.60. 2024 ஜூலை விலையில் 501-லிருந்து 600 வரை 8.55, 800 வரை 9.65, 1,000 வரை 10.70, அதற்கும் மேல் 11.80. இதே காலத்தில் பெட்ரோல் 102-லிருந்து 101 ஆகியிருக்கிறது. யார் வேகமாக ஏறியது?

இன்னொரு பொறியும் இருக்கிறது. 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை 2.35 ரூபாய். ஒரு யூனிட் தாண்டினாலும் அந்த நூறுக்கும் 4.80. காரை வாங்கினால் யூனிட் நாலு ரூபாய்தான் ஆகும் என்று விற்கிறவர்கள் சொல்வதை நம்பாதீர்கள். கார் சாப்பிடுவது உங்கள் பில்லின் மேல்தட்டு யூனிட்டுகளை. தம்பி, இப்போது இரண்டு மாதத்துக்கு எவ்வளவு யூனிட் வருகிறது?

பொள்ளாச்சிக்காரன்

400 பக்கம் சார். ஏசி ஓடும் கோடையில் கொஞ்சம் கூடும்.

வரவுசெலவு

சார் கொடுத்த விலையை வைத்தே போட்டுவிடுவோம். இரண்டு மாதக் கணக்கு, ஏனென்றால் பில் அப்படித்தான் வருகிறது.

இரண்டு மாதத்தில் 2,500 கிலோமீட்டர். அதில் 2,000 வீட்டு சார்ஜில், 500 வெளியில் வேக சார்ஜரில். ஒரு யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் என்று வைக்கிறேன். சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்த கணக்கு இது. டேஷ்போர்டு காட்டும் எண்ணைப் போட்டால் இதைவிட அழகாக வரும், ஆனால் இ.பி. மீட்டர் டேஷ்போர்டைப் பார்ப்பதில்லை.

வீட்டில் 286 யூனிட் கூடும். இன்றைய 400 யூனிட் பில் 1,195 ரூபாய். 686 யூனிட்டுக்கு 3,770. ஆக, காரின் பங்கு 2,575, யூனிட்டுக்கு 9 ரூபாய். வெளியில் 71 யூனிட், 22 ரூபாய் வீதம் 1,570. மொத்தம் 4,145.

பெட்ரோல் கார் உங்கள் வழியில் லிட்டருக்கு 15 தரும் என்றால் 167 லிட்டர், 16,830 ரூபாய். மிச்சம் 12,700 பக்கம். வருடத்துக்கு 76,000. 3.75 லட்சம் ஐந்து வருடத்தில் திரும்பிவிடும்.

இப்போது பெட்ரோல் விலையை ஆட்டிப் பார்க்கலாம். கச்சா எண்ணெய் மறுபடி 100 டாலருக்குப் போய், அரசு வரியைக் குறைக்காமல் விட்டால் லிட்டருக்குச் சுமார் 20 ரூபாய் ஏறும். 121 ரூபாய் என்றால் நாலு வருடத்தில் போட்ட பணம் கைக்கு வரும். தலைகீழாக 81 ஆனால் ஆறே முக்கால் வருடம். எப்படிப் பார்த்தாலும் பத்துக்குள் அடங்கிவிடுகிறது.

அடுத்து, பெட்ரோலை 101-லேயே வைத்துக்கொண்டு ஓட்டத்தை மட்டும் பாதியாக்குங்கள், வருடத்துக்கு 7,500. மிச்சம் 38,000-க்கு இறங்குகிறது. போட்ட பணம் வரப் பத்து வருடம். வட்டியைச் சேர்த்தால் வரவே வராது.

ஷோரூம் பையன் உங்களைப் பார்க்கச் சொன்னது பெட்ரோல் விலையை. நீங்கள் பார்க்க வேண்டியது உங்கள் ஓடோமீட்டரை.

டீசல்தாசன்

சரி, டீசலை விடுங்கள். இ20-க்கு என்ன சொல்கிறீர்கள்? அதுவும் பொய்யா?

வரவுசெலவு

பொய் இல்லை. 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார்களில் ரப்பர் குழாய், வாஷர் எல்லாம் இ20-ஐத் தாங்கும்படி செய்தவை. புதுக் காரை அது அரிக்காது. பழைய காரில் குழாய் தளர்வது, பெட்ரோல் வாசம் அடிப்பது மாதிரி தொல்லைகள் வரலாம்.

உங்கள் பயத்துக்கு நிஜமான இடம் வேறு. எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. 20 சதவீதம் கலந்தால் ஒரு லிட்டரில் இருக்கும் சக்தி ஆறேழு சதவீதம் குறையும். இன்ஜினை அதற்கென்றே சரிசெய்திருந்தால் அதில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். ஆனால் பங்க்கில் லிட்டர் விலை குறையவில்லை. பலகையில் ஏறாமலேயே ஏறிய விலை அது. பிரேசிலில் 2025 ஆகஸ்டிலிருந்து 30 சதவீதம் கலக்கிறார்கள். இங்கேயும் 27 என்று பேச்சு அடிபடுகிறது. பத்து வருடத்துக்கு பெட்ரோல் கார் வாங்குகிறவர், இன்று இருக்கும் பெட்ரோலே கடைசி வரை வரும் என்று நினைக்கக் கூடாது. அதனால்தான் லிட்டருக்கு 18 என்று கம்பெனி சொல்லியிருந்தாலும் நான் 15 போட்டேன்.

ரிட்டயர்டு இ.பி.

கணக்கு சரி. ஆனால் ஒன்று. எல்லோரும் மின்காருக்கு மாறினால் பெட்ரோல் வரி எங்கிருந்து வரும்? நாளைக்கு மின்காருக்குச் சாலை வரி போடுவார்கள். கார் சார்ஜுக்குத் தனி மீட்டர், தனி விலை என்று கட்டாயமாக்கலாம். இன்று 5 சதவீத ஜிஎஸ்டி, சாலை வரி விலக்கு என்று ஊட்டி வளர்க்கிறார்கள். குழந்தை வளர்ந்த பிறகு செலவை அதனிடமே கேட்பார்கள்.

மீனா கோவை

சார், அப்போது புதிதாக வாங்குகிறவர்தானே மாட்டுவார்? சாலை வரி வாங்கும்போதே ஆயுளுக்கும் சேர்த்துத் தீர்ந்துவிடுகிறது. கரண்டு விலைதான் பாதிக்கும். அதற்கு நான் கூரையில் 3 கிலோவாட் சோலார் போட்டேன், மத்திய மானியம் 78,000 கிடைத்தது. நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு 12 யூனிட் வருகிறது. கார் பகலில் ஆபீஸில் நின்றாலும் அந்த யூனிட் நெட் மீட்டர் வழியாகப் பில்லில் கழிந்துவிடும்.

ரிட்டயர்டு இ.பி.

நெட் மீட்டர் விதி பத்து வருடம் மாறாமல் இருக்கும் என்று யார் உத்தரவாதம் தருவது? விதிகள் மாறுவதை நான் உள்ளே இருந்து பார்த்தவன் அம்மா.

மீனா கோவை

அதுவும் சரிதான் சார். ஆனால் அப்படிப் பார்த்தால் எதையும் வாங்க முடியாது.

சிறுவாணி

நான் சிஎன்ஜி கார் வைத்திருக்கிறேன். நடுவழி என்று யாரும் சொல்லவில்லையே? கோவையில் பங்க் உண்டு. டிக்கியில் சிலிண்டர் இருப்பதால் பெட்டி வைக்க இடம் இல்லை, வரிசையில் நிற்க வேண்டும், ஆனால் பெட்ரோலைவிடக் குறைந்த செலவில் ஓடுகிறது. வாங்கும்போது ஒரு லட்சம் பக்கம்தான் கூடுதல்.

வரவுசெலவு

ஓட்டம் நடுத்தரமாக இருக்கிறவருக்கு அது நல்ல யோசனைதான். சிலிண்டரை மூன்று வருடத்துக்கு ஒரு முறை சோதிக்க வேண்டும், தேதியைத் தவறவிடாதீர்கள். பொள்ளாச்சிக்காரர் வழியில் வரிசை எப்படி என்று அவர்தான் பார்க்க வேண்டும்.

டாப்ஸ்லிப் பாலு

வால்பாறை என்றதும் உள்ளே வந்தேன். ஆழியாறிலிருந்து மேலே 40 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது மின்காரில் சார்ஜ் கொட்டும், பயந்துவிடாதீர்கள். இறங்கும்போது அதில் கணிசமான பங்கு திரும்ப ஏறிவிடும். ஒரு தப்பு மட்டும் செய்யாதீர்கள். மேலே விடுதியில் இரவு முழுக்க சார்ஜ் போட்டு 100 சதவீதத்தோடு இறங்கினால், பேட்டரியில் இடம் இல்லாததால் மோட்டார் வழியாகப் பிடிக்கும் பிரேக் வேலை செய்யாது. கார் முழுக்க முழுக்கக் கால் பிரேக்கில் இறங்கும். என் மச்சான் அப்படி இறங்கி ஒன்பதாவது வளைவில் பிரேக் கருகும் வாசம் வந்து நிறுத்தினான். 80-ல் நிறுத்திவிட்டு இறங்குங்கள்.

பொள்ளாச்சிக்காரன்

எல்லோருக்கும் நன்றி. ஓடோமீட்டரைப் பாருங்கள் என்றதும் பீரோவைத் திறந்து பழைய சர்வீஸ் பில்களை எடுத்தேன். ஒவ்வொன்றிலும் தேதியும் கிலோமீட்டரும் இருக்கிறது. கடைசி நாலு வருடத்தில் ஓடியது 39,200. வருடத்துக்கு 9,800! 15,000 என்று எந்தத் தைரியத்தில் எழுதினேன் என்று தெரியவில்லை.

வீட்டுக்காரம்மா சிரித்துவிட்டு விளக்கம் சொன்னார். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் நான் ஆபீஸ் நண்பரின் காரில் போகிறேன். சென்னைக்கு மூன்று தடவை போனாலும் அதில் இரண்டு ரயிலில்.

வரவுசெலவு

கேட்கிற பத்தில் எட்டுப் பேர் இப்படித்தான் கூட்டிச் சொல்கிறார்கள், வெட்கப்பட வேண்டாம். 9,800-க்குப் போட்டால் மிச்சம் வருடத்துக்கு 50,000. போட்ட பணம் வர ஏழரை வருடம். 3.75 லட்சத்தை வங்கியில் போட்டிருந்தால் வரும் வட்டியையும் வைத்தால், பத்தாவது வருடம் வரை இரண்டும் ஏறக்குறைய சமம். பணக் கணக்கு இதற்கு மேல் உங்களுக்குப் பதில் சொல்லாது.

இனி கேள்வி ஒன்றுதான். அடுத்த பத்து வருடத்தில் ஓட்டம் கூடுமா, குறையுமா?

பொள்ளாச்சிக்காரன்

அந்த நண்பர் 2027-ல் ஓய்வு பெறுகிறார். அப்புறம் எல்லா வாரமும் என் கார்தான். மகள் கோவையில் கல்லூரி சேர்ந்தால் அவளும் ஏறுவாள். ஆக 14,000 பக்கம் போகும். ஆனால் ஆபீஸில் வீட்டிலிருந்தே வேலை என்று பேச்சும் இருக்கிறது...

இப்போதைக்கு ஒன்றரை வருடம் பழைய வண்டியையே ரிப்பேர் செய்து ஓட்டலாமா என்று தோன்றுகிறது. கிளட்சும் டர்போ குழாயும் மாற்ற 38,000 சொல்கிறார் மெக்கானிக்.

டீசல்தாசன்

நான் முதலிலேயே சொன்னேன், டீசல்தான் என்று!

மீனா கோவை

காத்திருக்கிற நேரத்தில் ஒரு வேலை செய்துவிடுங்கள் அண்ணா. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்திங் பாருங்கள். எங்கள் வீட்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 14 வோல்ட் காட்டியது. கார் வந்த முதல் நாள் சார்ஜர் சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டு ஏறவே மாட்டேன் என்றது. குறை காரில் இருக்கிறது என்று ஷோரூமில் சண்டை போட்டேன். கடைசியில் புதிதாக எர்த் குழி போட்டதும் ஏறியது. உங்களுக்கு ஒரு நாளைக்கு 12 யூனிட்தான் தேவை, 15 ஆம்பியர் பிளக்கில் நாலு மணி நேரம். பெரிய சார்ஜர், லோடு ஏற்றம் எதுவும் வேண்டாம். ஆனால் எர்த் வேண்டும்.

ரிட்டயர்டு இ.பி.

போர்டிகோ பிளக்குக்கு மீட்டர் போர்டிலிருந்து தனி ஒயர் இழுங்கள், 4 சதுர மில்லிமீட்டர் செம்பு. கிரைண்டர் பிளக்கிலிருந்து நீட்டிக்காதீர்கள். மணிக்கணக்கில் முழு லோடு ஓடினால் பழைய பிளக் உருகிவிடும். கைவைத்துப் பாருங்கள், பிளக் சுடுகிறது என்றால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

சிறுவாணி

பொள்ளாச்சிக்காரரே, அந்த 2012 டீசலை விற்பதாக இருந்தால் சொல்லுங்கள். தோட்டத்துக்கு ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன். கிளட்ச் மாற்றுவதற்கு முன்பா, பின்பா விலை?